இரட்டைப் பிளவில் எங்கிருந்து எங்கே அளப்பது?

பிளவுகளின் இடைவெளி கூடினால் பட்டைகள் நெருங்கும், அலைநீளம் கூடினால் விலகும். β = λD/d என்ற வாய்பாட்டை ஒருமுறை எழுதியவருக்கு இது தெரியும், எனவே அதை விட்டுவிடுகிறேன். கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நான் பார்ப்பது வேறொரு தவறு. மாணவனாக இருந்தபோது நானும் அதையே செய்தேன்.

d என்பது நடுவிலுள்ள கருப்பு மட்டுமல்ல

சென்ற பருவத்தில் ஒரு மாணவன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். "ஐயா, லேசர் சிவப்பாகத்தான் எரிகிறது. கணக்கில் 432 நானோமீட்டர் வருகிறது" என்றான். 432 என்பது ஊதா. அவன் அளந்த பட்டை அகலம் 5.4 மி.மீ., திரையின் தொலைவு 2 மீட்டர். இரண்டையும் நானே மறுபடி அளந்தேன், சரியாகவே இருந்தன. d என்ற இடத்தில் மட்டும் 0.16 மி.மீ. என்று எழுதியிருந்தான்.

நகரும் நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு வெளிச்சக் கீற்றுகளும் நடுவில் ஒரு கருப்புப் பட்டையும் தெரியும். "பிளவுகளுக்கு இடைப்பட்ட தொலைவு" என்று படித்த கண், நேராக அந்தக் கருப்பைத்தான் அளக்கப் போகும். வாய்பாட்டிலுள்ள d அதுவல்ல. ஒரு பிளவின் நடுவிலிருந்து அடுத்த பிளவின் நடு வரை உள்ள தொலைவுதான் d. அவனுடைய தகட்டில் ஒவ்வொரு பிளவும் 0.08 மி.மீ. அகலம். இரு பக்கமும் பாதிப் பாதி சேர்த்தால் d = 0.24 மி.மீ. இப்போது λ = 5.4 × 0.24 / 2000 மி.மீ., அதாவது 648 நானோமீட்டர். லேசரின் மேல் 650 என்று ஒட்டியிருந்தது.

அவன் வீட்டில் தென்னந்தோப்பு உண்டு. "குழிக்குக் குழி 25 அடி என்றால் எங்கே பிடித்து அளப்பீர்கள், கண்ணு?" என்று கேட்டேன். "குழியின் நடுவில் முளை அடித்து, முளைக்கு முளை" என்றான். குழி 3 அடி அகலம் என்பதால் கரைக்குக் கரை 25 அடி விட்டால் கன்றுகள் 28 அடிக்குப் போய்விடும் என்பதையும் அவனே சொன்னான். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெல்லிய கீற்றின் நடுவை நுண்ணோக்கியில் கண்டுபிடிப்பது கடினம். அதனால் நடுவைத் தேடாதீர்கள். முதல் பிளவின் இடது விளிம்பில் குறுக்குக் கம்பியை வைத்து அளவீடு எடுங்கள், பிறகு இரண்டாம் பிளவின் இடது விளிம்பில் எடுங்கள். பிளவுகளின் அகலம் சமமாக இருந்தால் அந்த வித்தியாசமே d. வலது விளிம்புகளுக்கும் அப்படியே எடுத்துச் சராசரி காணுங்கள். திருகை ஒரே திசையில் மட்டும் சுழற்றுங்கள். இந்த நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால் ஒரே ஒரு பிரிவு தவறினாலே விடையில் நான்கு விழுக்காடு போய்விடும்.

இந்தத் தவறு என்னை இன்னும் எரிச்சலூட்டக் காரணம் உண்டு. என் மாணவப் பருவத்தில் இதே ஊதா எண் வந்தபோது, லேசர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதியது வாங்கினோம். புதியதிலும் அதே எண்தான் வந்தது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி இருந்தும் யாருக்கும் தோன்றவில்லை. அதே தகட்டில் 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பாய்ச்சியிருக்கலாம். பட்டை அகலம் 5.4-லிருந்து சுமார் 4.4 மி.மீ. ஆகச் சுருங்கும். தவறான d-ஐப் போட்டால் பச்சைக்கு 355 வரும், அது கண்ணுக்கே தெரியாத புற ஊதா. சிவப்பும் பச்சையும் ஒரே விகிதத்தில், மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து நிற்கின்றன என்றால் லேசர்கள்மேல் குற்றமில்லை. d-யையோ D-யையோதான் சந்தேகிக்க வேண்டும்.

D-ஐ லேசரிலிருந்து அளப்பது

பிளவிலிருந்து திரை வரை மட்டும்.

பிளவின் அகலத்தையும் இடைவெளியையும் குழப்புவது

அகலத்தை மாற்றினால் பட்டைகள் நெருங்கவும் மாட்டா, விலகவும் மாட்டா. எத்தனை பட்டைகள் பளிச்சென்று தெரியும் என்பதுதான் மாறும்.

காணாமல் போன பட்டையை எண்ணாமல் விடுவது

மேலே சொன்ன தகட்டில் d, பிளவின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. அதனால் மூன்றாம் பொலிவுப் பட்டை விழ வேண்டிய இடத்தில், நடுவிலிருந்து சுமார் 16 மி.மீ. தள்ளி, ஒவ்வொரு பிளவின் விளிம்பு விளைவும் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறது. நடுவில் ஐந்து பட்டைகள், பிறகு ஒரு வெற்றிடம், அதற்கப்பால் மங்கலாக நான்காவது என்று திரையில் தெரியும். அந்த நான்காவதை மூன்றாவது என்று எண்ணினால் 21.6-ஐ மூன்றால் வகுத்து 7.2 மி.மீ. என்று எழுதிவிடுவீர்கள். வெற்றிடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். எந்தப் பட்டை மறைகிறது என்று குறித்துக்கொண்டால் நுண்ணோக்கி அளவையும் சரிபார்த்துவிடலாம்: மூன்றாவது மறைந்திருக்க, உங்கள் நோட்டில் d அகலத்தின் இரு மடங்காக இருந்தால், நீங்கள் அளந்திருப்பது நடுவிலுள்ள கருப்பைத்தான்.