செல்லுக்குள்ள மைனஸ் 70 எங்கேர்ந்து வருது? ரெஸ்டிங் மெம்ப்ரேன் பொட்டென்ஷியலை ஜீரோலேர்ந்து கட்டிப் பார்ப்போம்

ஃபர்ஸ்ட் இயர் வைவால "செல்லுக்குள்ள ஏன் நெகட்டிவா இருக்கு"ன்னு கேட்டா பொதுவா ரெண்டு பதில்ல ஒண்ணு வரும். ஒண்ணு, பம்ப் 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள எடுக்குது, அதனால. இன்னொண்ணு, உள்ள இருக்கிற புரோட்டீனுக்கு நெகட்டிவ் சார்ஜ், அதனால. ரெண்டுலயும் உண்மை கொஞ்சம் இருக்கு, ஆனா ரெண்டுமே கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. ஏன்னு புரியணும்னா ஒரு செல்லை காலியா எடுத்து, ஒவ்வொண்ணா சேர்த்து, எந்த இடத்துல வோல்டேஜ் வருதுன்னு நாமளே பார்க்கிறது தான் நல்ல வழி. ஒரு பேப்பரும், லாக் பட்டன் இருக்கிற கால்குலேட்டரும் எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 1: ரெண்டு பக்கமும் நிரப்புங்க, ஓட்டை எதுவும் போடாதீங்க

20 மைக்ரோமீட்டர் விட்டம் உள்ள ஒரு உருண்டை நரம்பு செல்னு வெச்சுக்கோங்க. உள்ள பொட்டாசியம் 140 மில்லிமோலார், சோடியம் 12. வெளிய பொட்டாசியம் 4, சோடியம் 145. பாலூட்டிகளோட செல்கள்ல ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், உங்க புக்ல ஒண்ணு ரெண்டு நம்பர் மாறி இருந்தா கவலைப்படாதீங்க.

இந்த பாசிட்டிவ் அயனிகளுக்கு ஜோடியா உள்ள புரோட்டீன், பாஸ்பேட் மாதிரி நெகட்டிவ் ஆளுங்க இருக்காங்க, வெளிய முக்கியமா குளோரைடு இருக்கு. அதாவது உள்ள மொத்த பாசிட்டிவும் மொத்த நெகட்டிவும் சமம், வெளியவும் சமம். மெம்ப்ரேன் வெறும் லிப்பிட் சுவர், சார்ஜ் உள்ள எதுவும் அதைத் தாண்டாது. இப்ப வோல்ட்மீட்டர் வெச்சா என்ன காட்டும்? ஜீரோ. கிரேடியன்ட் இவ்ளோ பெருசா இருந்தும் ஜீரோ. புரோட்டீன் நெகட்டிவ் தானேன்னு சொல்றவங்களுக்கு இங்கயே பதில் கிடைச்சிடுது, அந்த நெகட்டிவை பொட்டாசியம் ஏற்கனவே சரிக்கட்டிடுச்சு.

ஸ்டெப் 2: பொட்டாசியத்துக்கு மட்டும் வழி விடுங்க

இப்ப பொட்டாசியம் லீக் சானல்களை மட்டும் சுவர்ல பதிங்க. சோடியம் பொட்டாசியத்தை விட சின்ன அயனி தானே, அதே ஓட்டைல அது ஏன் போகாதுன்னு ஒரு டவுட் வரணும். தண்ணில இருக்கிற அயனி சுத்தி நீர் மூலக்கூறுகளோட தான் திரியும், சானலோட ஒடுங்கின இடத்துல அதை கழட்டிட்டு தான் நுழைய முடியும், அங்க வரிசையா இருக்கிற ஆக்ஸிஜன்கள் பொட்டாசியத்தை அந்த நீர் பிடிச்சிருந்த மாதிரியே சுத்தி பிடிச்சுக்கும், சோடியம் சின்னதா இருக்கிறதால அந்த பிடி அதுக்கு சரியா அமையாது, அதனால நீரைக் கழட்ட அதுக்கு கட்டுப்படியாகாது. 1998ல ராடரிக் மக்கினன் குழு ஒரு பொட்டாசியம் சானலோட அமைப்பை எக்ஸ்ரேல எடுத்துக் காட்டினப்ப தான் இது கண்ணால பார்க்கிற அளவுக்கு தெளிவாச்சு.

சரி, சானல் திறந்தாச்சு. உள்ள 140, வெளிய 4, அதனால பொட்டாசியம் வெளிய ஓட ஆரம்பிக்கும். ஒவ்வொரு பொட்டாசியமும் போகும்போது ஒரு பாசிட்டிவை கூட்டிட்டு போகுது, அதோட ஜோடி நெகட்டிவ் உள்ளயே மாட்டிக்குது, ஏன்னா அதுக்கு சானல் இல்ல. இந்த இடத்துல தான் வோல்டேஜ் பொறக்குது. உள்பக்கம் நெகட்டிவ் ஆக ஆக அது பொட்டாசியத்தை திரும்ப உள்ள இழுக்கும், செறிவு வித்தியாசம் வெளிய தள்ளும், ரெண்டும் சரிசமம் ஆகிற வோல்டேஜ்ல நிகர ஓட்டம் நின்னுடும். போறதும் வர்றதும் நடந்துட்டே தான் இருக்கும், எண்ணிக்கை தான் சமம்.

அந்த வோல்டேஜை கணக்கு போட நெர்ன்ஸ்ட் சமன்பாடு:

```
E_K = 61.5 × log10(K_out / K_in)
    = 61.5 × log10(4 / 140)
    = -95 mV
```

61.5ங்கிறது 37 டிகிரி உடல் சூட்டுக்கு. ரூம் டெம்பரேச்சர்னா கிட்டத்தட்ட 58. உங்களுக்கு மைனஸ் 219 வந்துச்சுன்னா லாக் பட்டனுக்கு பதிலா `ln` அழுத்தியிருக்கீங்க. பிளஸ் 95 வந்துச்சுன்னா உள்ளயும் வெளியவும் தலைகீழா போட்டிருக்கீங்க.

ஸ்டெப் 3: எத்தனை பொட்டாசியம் வெளிய போச்சுன்னு எண்ணுங்க

நிறைய பேர் தாவிட்டு போற ஸ்டெப் இது, ஆனா எனக்கு கேட்டா முழு டாபிக்லயும் இதுதான் முக்கியம். மைனஸ் 95 வர்ற அளவுக்கு பொட்டாசியம் வெளிய போயிருந்தா உள்ள 140 குறைஞ்சிருக்கணுமே, அப்ப நாம போட்ட கணக்கே தப்பில்லயா?

மெம்ப்ரேன் ஒரு கப்பாசிட்டர், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 மைக்ரோஃபாரட். நம்ம உருண்டையோட பரப்பளவுக்கு 95 மில்லிவோல்ட் ஏத்த தேவையான சார்ஜை கணக்கு போட்டா கிட்டத்தட்ட 75 லட்சம் அயனிகள் வரும். கேக்க பெருசா இருக்கு. ஆனா 140 மில்லிமோலார்ல அந்த செல்லுக்குள்ள மொத்தம் இருக்கிற பொட்டாசியம் சுமார் 35,000 கோடி. அதாவது ஏறக்குறைய 47,000ல ஒண்ணு தான் வெளிய போயிருக்கு. லேப்ல எந்த கருவி வெச்சு செறிவை அளந்தாலும் இந்த மாற்றம் தெரியாது, 140 140 தான்.

அதனால "செல்லுக்குள்ள முழுக்க நெகட்டிவ்"னு படம் போடாதீங்க. அதிகமா இருக்கிற அந்த சொற்ப சார்ஜ் மெம்ப்ரேனை ஒட்டி ஒரு நானோமீட்டர் அளவுக்கு தான் படிஞ்சிருக்கும், நடுவுல சைட்டோபிளாசம் வழக்கம்போல நியூட்ரல். இதே காரணத்தால தான் வோல்டேஜ் மில்லிசெகண்டுல மாற முடியுது, செறிவு மாற ரொம்ப நேரம் ஆகுது.

ஸ்டெப் 4: சோடியத்துக்கும் கொஞ்சமா லீக் குடுங்க

1902ல யூலியஸ் பெர்ன்ஸ்டைன் ஓய்வுல இருக்கிற மெம்ப்ரேன் பொட்டாசியத்தை மட்டும் விடுதுன்னு சொன்னார், நம்ம ஸ்டெப் 2 அவரோட செல் தான். ஆனா நிஜ நரம்பு செல்ல அளந்தா மைனஸ் 95 வராது, மைனஸ் 70 பக்கத்துல நிக்கும். காரணம், சோடியமும் கொஞ்சம் உள்ள கசியுது. அதோட நெர்ன்ஸ்ட் போட்டா பிளஸ் 67 வரும், அதாவது அதுக்கு மட்டும் வழி இருந்தா செல்லை அங்க இழுத்துட்டு போயிடும்.

ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுக்கும்போது யார் ஜெயிப்பாங்க? யாருக்கு பெர்மியபிலிட்டி அதிகமோ அவங்க பக்கம் தான் சாயும். சோடியத்துக்கு பொட்டாசியத்தோட 0.04 பங்கு பெர்மியபிலிட்டி குடுப்போம், 1949ல ஹாட்ஜ்கினும் காட்ஸும் ஸ்க்விட் ஆக்ஸான்ல ஓய்வு நிலைக்கு எடுத்த விகிதம் அது. இப்ப கோல்ட்மன் சமன்பாடு:

```
V = 61.5 × log10((4 + 0.04×145) / (140 + 0.04×12))
  = 61.5 × log10(9.8 / 140.48)
  = -71 mV
```

மேல இருக்கிற 9.8ஐ பிரிச்சு பாருங்க. பொட்டாசியத்தோட பங்கு 4, சோடியத்தோட பங்கு 5.8. பெர்மியபிலிட்டி 25ல ஒரு பங்கா இருந்தும், வெளிய சோடியம் அவ்ளோ குவிஞ்சு கிடக்கிறதால அந்த சின்ன லீக்கே 24 மில்லிவோல்ட் மேல தூக்கிடுது.

குளோரைடை விட்டுட்டேன், தெரிஞ்சு தான் விட்டேன். பல செல்கள்ல அது வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி தானே சரிபண்ணிக்கும், முதல் தடவை படிக்கிறப்ப அதையும் சேர்த்தா குழப்பம் தான் மிச்சம்.

ஸ்டெப் 5: பம்பை இப்பதான் மாட்டணும்

மைனஸ் 71 வந்தாச்சு, பம்ப் இன்னும் வரவே இல்ல, கவனிச்சீங்களா? ஆனா இந்த செல் இப்படியே நீடிக்காது. மைனஸ் 71ங்கிறது பொட்டாசியத்துக்கும் பேலன்ஸ் இல்ல, சோடியத்துக்கும் பேலன்ஸ் இல்ல, ஒண்ணு சொட்டு சொட்டா வெளிய போகுது, இன்னொண்ணு சொட்டு சொட்டா உள்ள வருது, வோல்டேஜ் ஸ்டெடியா இருந்தாலும் கிரேடியன்ட் மெதுவா கரையுது. அதை திரும்ப கட்டுறது தான் சோடியம் பொட்டாசியம் பம்ப்போட வேலை, ஏடிபி செலவு பண்ணி.

3 போய் 2 வர்றதால ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பாசிட்டிவ் நிகரமா வெளிய போகுது, அது உண்மை. ஆனா பெரும்பாலான நரம்பு செல்கள்ல அதோட நேரடி பங்கு ஒரு சில மில்லிவோல்ட் தான். எப்படி தெரியும்னா, ஊவபேன் போட்டு பம்பை நிறுத்தினா வோல்டேஜ் உடனே ஜீரோவுக்கு விழாது. முதல்ல ஒரு சில மில்லிவோல்ட் குறையும், அப்புறம் கிரேடியன்ட் கரைய கரைய நிதானமா இறங்கும். வைவால "பம்ப் நின்னா என்ன ஆகும்"னு கேட்டா இந்த ரெண்டு கட்டத்தையும் பிரிச்சு சொல்லுங்க.

ஸ்டெப் 6: நம்பரை மாத்தி செல்லை சோதிங்க

வெளிய பொட்டாசியத்தை 4லேர்ந்து 8 ஆக்குங்க, மத்ததெல்லாம் அப்படியே:

```
61.5 × log10((8 + 5.8) / 140.48) = -62 mV
```

வெறும் 4 மில்லிமோலார் கூட்டினதுக்கு 9 மில்லிவோல்ட் மேல ஏறிடுச்சு. இப்ப அதை 4க்கே கொண்டு வந்துட்டு சோடியத்தை 145லேர்ந்து 130க்கு இறக்குங்க, 15 மில்லிமோலார் குறைச்சிருக்கோம், ஆனா வோல்டேஜ் மைனஸ் 73 பக்கம் தான் போகுது, 2 கூட மாறல. ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத்தோட மின்னோட்டம் கெடுறது இதனால தான். ஓய்வு வோல்டேஜ் நீண்ட நேரம் மேல நின்னா சோடியம் சானல்கள் நிறைய இனாக்டிவேட் ஆகி படுத்துடும், அதனால சிக்னல் மெதுவாகும், இசிஜில கியூஆர்எஸ் அகலமாகும். சோடியம் குறைஞ்ச பேஷன்ட்டுக்கு குழப்பம், வலிப்பு வர்றதுக்கு முக்கிய காரணம் ஓய்வு வோல்டேஜ் இல்ல, தண்ணி உள்ள போய் மூளை செல்கள் வீங்குறது தான்.

இன்னும் ஒண்ணு போட்டுப் பாருங்க. அயனி செறிவு எதையும் தொடாம 0.04ஐ மட்டும் 0.01 ஆக்கினா மைனஸ் 87 வரும், எலும்புத்தசை செல்லோட மைனஸ் 90க்கு கிட்ட. அதே இடத்துல 20 போட்டா பிளஸ் 54. ஆக்ஷன் பொட்டென்ஷியலோட உச்சத்துல சோடியம் சானல்கள் திறக்கிறப்ப செல் ஓடுற திசை இதுதான், நிஜத்துல அவ்ளோ தூரம் போறதுக்குள்ள சோடியம் சானல்கள் மூட ஆரம்பிச்சிடும், கூடவே பொட்டாசியம் சானல்களும் திறந்துடும்.