அலகு கனசதுரத்தில் ஒன்று அதிகமாக வந்த விடை

ஒரு கன உருவுக்குள் div F-இன் தொகையீடும் அதன் மேற்பரப்பு வழியே வெளியேறும் மொத்தப் பாய்வும் சமம் என்கிற டைவர்ஜென்ஸ் தேற்றத்தைச் சரிபார்க்க F = (x² + y, yz, z²) என்ற வெக்டர் புலத்தை எடுத்தேன். கன அளவுப் பக்கம் எளிது. div F = 2x + z + 2z = 2x + 3z. அலகு கனசதுரத்தில் x, z இரண்டின் சராசரியும் 1/2. அதனால் தொகையீடு 1 + 3/2 = 5/2.

அப்புறம் ஆறு முகங்கள். y = 0, z = 0 முகங்களில் பாய்வு பூஜ்யம். y = 1 முகத்தில் 1/2, z = 1 முகத்தில் 1, x = 1 முகத்தில் 1 + y-இன் தொகையீடு 3/2. கூட்டினால் 3 வந்தது. x = 0 முகத்தையும் பூஜ்யம் என்று விட்டிருந்தேன். அங்கே x² மறைந்தாலும் y மிஞ்சுகிறது. சரி, அந்த 1/2-ஐச் சேர்த்தேன். விடை 7/2 ஆகி இன்னும் விலகியது.

வித்தியாசத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதலில் 1/2 அதிகம், இப்போது 1 அதிகம். ஒரு முகத்தை விட்டுவிட்டால் அதன் பாய்வு அளவுக்குப் பிழை வரும். குறியை மாற்றிப் போட்டால் அதைப்போல் இரு மடங்கு வரும். x = 0 முகத்தில் வெளிநோக்கிய செங்குத்து வெக்டர் (−1, 0, 0). நான் (1, 0, 0) என்று கனசதுரத்துக்குள் நோக்கி எடுத்திருந்தேன். திருத்தியதும் அந்த முகத்தின் பாய்வு −1/2, மொத்தம் 3 − 1/2 = 5/2.

இதில் y உறுப்பு டைவர்ஜென்ஸில் வருவதே இல்லை. x = 1 முகத்தில் +1/2, x = 0 முகத்தில் −1/2 என்று அது தானாகவே நீங்கிவிடுகிறது. வெறும் (x², yz, z²) எடுத்திருந்தால் x = 0 முகத்தில் எந்தக் குறி போட்டாலும் விடை மாறியிருக்காது, என் பிழையும் தெரிந்திருக்காது.