மூன்று கிளை, மூன்று என்.பி.எஸ்: கணக்கிடுவதும் ஒப்பிடுவதும்

நெட் புரமோட்டர் ஸ்கோர், சுருக்கமாக என்.பி.எஸ், வாடிக்கையாளர் நம்மைப் பிறருக்குச் சொல்வாரா என்ற ஒரே ஒரு கேள்வியை வைத்துப் போடும் கணக்கு. பிரெட் ரைக்கெல்ட் 2003 டிசம்பர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையால் இது பரவலானது. கணக்கு எளிது, ஷீட்டில் பத்து நிமிட வேலை. ஆனால் இரண்டு கிளைகளின் ஸ்கோரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று சொல்லும் இடத்தில்தான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, மதுரை, திண்டுக்கல், தேனி என மூன்று ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

படி 1: கேள்வி

"எங்கள் சர்வீஸ் சென்டரை உங்கள் நண்பர்களுக்கோ சொந்தக்காரர்களுக்கோ சொல்வீர்களா? 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்." 0 என்றால் சொல்லவே மாட்டேன், 10 என்றால் கண்டிப்பாகச் சொல்வேன். இந்த இரண்டு முனைகளையும் ஃபார்மிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சிலர் 1ஐ 'முதல் ரேங்க்' என்று எடுத்துக்கொண்டு, திருப்தியாக இருந்தும் 1 போட்டுவிடுவார்கள். 5 ஸ்டார் ரேட்டிங்கை இரண்டால் பெருக்கி 10 ஆக்குவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் 7, 9 என்ற மதிப்பெண்களே வராது, பிரிவுகள் கெட்டுப்போகும்.

படி 2: மூன்று பிரிவு

9, 10 கொடுத்தவர்கள் புரமோட்டர்கள். 7, 8 கொடுத்தவர்கள் பாசிவ். 0 முதல் 6 வரை கொடுத்த எல்லோரும் டிட்ராக்டர்கள். புரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் என்.பி.எஸ். அது −100 முதல் +100 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அது சதவீதம் அல்ல, அதனால் பின்னால் % குறி போட வேண்டாம்.

பாசிவ் ஆட்களைக் கழித்தலில் சேர்ப்பதில்லை, ஆனால் மொத்த எண்ணிக்கையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டு வகுத்தால் ஸ்கோர் பூஜ்யத்திலிருந்து இன்னும் விலகிப்போய், நல்லது அதிக நல்லதாகவும் மோசம் அதிக மோசமாகவும் தெரியும்.

படி 3: ஷீட்டில் கணக்கு

A பத்தியில் தேதி, B-யில் கிளை, C-யில் மதிப்பெண். F2-வில் கிளையின் பெயரை எழுதி, G2 முதல் K2 வரை இவற்றை வரிசையாகப் போடுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும்.

```
=COUNTIFS(B:B,F2,C:C,">=9",C:C,"<=10")
=COUNTIFS(B:B,F2,C:C,">=7",C:C,"<=8")
=COUNTIFS(B:B,F2,C:C,">=0",C:C,"<=6")
=SUM(G2:I2)
=(G2-I2)/J2*100
```

சிலர் ஒவ்வொரு வரிசைக்கும் `IF` போட்டுப் பிரிவின் பெயரை எழுதுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. மதிப்பெண் கொடுக்காமல் காலியாக விட்ட செல்லை `C2<=6` என்று கேட்டால், காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு டிட்ராக்டர் ஆக்கிவிடும். எண் டெக்ஸ்டாகப் பதிந்திருந்தால் நேர்மாறு: டெக்ஸ்ட் எந்த எண்ணையும் விடப் பெரியது என்று கணக்காகி, 3 கொடுத்தவரும் புரமோட்டர் ஆகிவிடுவார். `COUNTIFS` இந்த இரண்டு வகையையும் எண்ணாமல் விட்டுவிடும். டெக்ஸ்டாகப் பதிந்து விடுபட்டவை எத்தனை என்று பார்க்க:

```
=COUNTA(C2:C1000)-COUNT(C2:C1000)
```

பூஜ்யம் வராவிட்டால், அத்தனை செல்களில் எண்ணுக்குப் பதில் டெக்ஸ்ட் இருக்கிறது. அப்புறம் J பத்தியின் கூட்டுத்தொகை `COUNT(C2:C1000)`-உடன் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால் பெரும்பாலும் கிளைப் பெயரில்தான் கோளாறு. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தாலே அது வேறு கிளையாகிவிடும். `TRIM` போட்டால் சரியாகிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் ஷீட் இப்படி வருகிறது. மதுரையில் 200 பேர் பதில் சொன்னதில் 110 புரமோட்டர், 40 டிட்ராக்டர்: 55 − 20 = 35. திண்டுக்கல்லில் 120 பேரில் 60, 12: 50 − 10 = 40. தேனியில் 25 பேரில் 15, 4: 60 − 16 = 44.

நிறுவனம் முழுவதற்கும் ஸ்கோர் வேண்டுமென்றால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். அப்படி வகுத்தால் 39.7 வரும். ஆட்களைக் கூட்டினால் 345 பேரில் 185 புரமோட்டர், 56 டிட்ராக்டர், ஸ்கோர் 37.4. பதில் சொன்ன எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும் ஸ்கோர் இதுதான்.

படி 4: ஒப்பிடுதல்

தேனி முதலிடம், மதுரை கடைசி. இதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். தேனியில் 9 கொடுத்த இரண்டு பேர் மட்டும் அன்றைக்கு 6 கொடுத்திருந்தால் என்ன ஆகும்? புரமோட்டர் 13, டிட்ராக்டர் 6. ஸ்கோர் 52 − 24 = 28. இரண்டே பேரால் 16 புள்ளி இறங்கி, தேனி கடைசி இடத்துக்கு வந்துவிடுகிறது. அதே மாற்றம் மதுரையில் நடந்தால் 35 என்பது 33 ஆகும், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை ஒரே எண்ணில் சொல்வதுதான் பிழை எல்லை. L2-வில்:

```
=1.96*SQRT((G2+I2)/J2-((G2-I2)/J2)^2)/SQRT(J2)*100
```

மதுரைக்கு சுமார் ±11, திண்டுக்கல்லுக்கு ±12, தேனிக்கு ±30 வரும். அதாவது தேனியின் உண்மை நிலை 14-ஆகவும் இருக்கலாம், 74-ஆகவும் இருக்கலாம். மதுரையோடு இருக்கும் 9 புள்ளி வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே உள்ள 5 புள்ளியும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் ஸ்கோரோடு பதில் எண்ணிக்கையையும் ± எண்ணையும் போடாமல் கிளைகளை வரிசைப்படுத்துவது, என்னைக் கேட்டால், அங்கே வேலை செய்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதை வைத்து இன்சென்டிவ் கொடுப்பது இன்னும் மோசம்.

இந்த ± கணக்கில் சிக்காத பிழை ஒன்று உண்டு. மதுரையில் மறுநாள் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறார்கள், தேனியில் சாவி கொடுக்கும்போதே மெக்கானிக் முன்னால் மதிப்பெண் கேட்கிறார்கள் என்றால், இரண்டும் ஒப்பிடத்தக்கவையே அல்ல. வேலை செய்த ஆளை எதிரே வைத்துக்கொண்டு 5 போட யாருக்கும் மனம் வராது. கேட்கும் விதமும் நேரமும் எல்லாக் கிளையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேனிக்கு என்ன செய்யலாம்?

பிழை எல்லையை ±15-க்குக் கொண்டுவர சுமார் 100 பதில் வேண்டும், ±10-க்கு சுமார் 220. மாதம் 25 பேர் பதில் சொல்லும் கிளை என்றால் நான்கு மாதப் பதில்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு ஸ்கோர் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் பழைய மாதத்தை விட்டுப் புதியதைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அதுவரை அந்த நான்கு டிட்ராக்டர்களின் பெயரும் நம்பரும் ஜாப் கார்டில் இருக்கும். போன் செய்து, என்ன குறை என்று நேரடியாகக் கேளுங்கள்.