நாற்கரத்துக்கு எத்தனை வண்ணமிடல்? ஒரு விளிம்பை வெட்டிப் பாருங்கள்

k நிறங்களால், அடுத்தடுத்த முனைகளுக்கு ஒரே நிறம் வராமல் ஒரு கோட்டுருவை எத்தனை விதமாக வண்ணமிடலாம் என்று சொல்வதே வண்ணப் பல்லுறுப்புக்கோவை. பாதைக்கு இது சுலபம்: முதல் முனைக்கு k வழி, அடுத்து ஒவ்வொன்றுக்கும் k−1. நான்கு முனைப் பாதைக்கு k(k−1)³.

சுழற்சியில்தான் கடைசி முனை முதல் முனையோடு மோதும். அப்போது ஒரு விளிம்பை நீக்குங்கள். மிஞ்சும் பாதையின் வண்ணமிடல்களில், அந்த விளிம்பின் இரு முனைகளும் ஒரே நிறம் பெற்றவை நமக்கு வேண்டாதவை. அவற்றின் எண்ணிக்கை, அந்த இரு முனைகளையும் ஒன்றாக ஒட்டினால் வரும் கோட்டுருவின் எண்ணிக்கைதான். ஆகவே, நீக்கியதிலிருந்து ஒட்டியதைக் கழிக்க வேண்டும்.

முக்கோணத்தில் நீக்கினால் k(k−1)². ஒட்டினால் இரு முனைகளுக்கிடையே இரட்டை விளிம்பு வரும். அதை ஒன்றாகவே எண்ணுங்கள், k(k−1). பலரும் தடுமாறும் இடம் இதுதான். விடை k(k−1)(k−2).

நாற்கரத்தை ஒட்டினால் இதே முக்கோணம் கிடைக்கும்:

```
k(k−1)³ − k(k−1)(k−2) = k⁴ − 4k³ + 6k² − 3k
```

சரிபார்க்க, k³-இன் கெழுவைப் பாருங்கள்: −4, விளிம்புகளும் நான்கு. k=2 என்று போட்டால் 2 வரும்; மாற்றி மாற்றி இரு நிறம் தீட்ட இரண்டே வழி. கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தால் k³-இன் கெழு −2 ஆகிவிடும், அப்போதே தவறு தெரிந்துவிடும்.