குடிநீர் மனுவில் "பகுதி முழுவதும் கலங்கல்" என்று எழுதாதீர்கள்

புதிதாக ஆரம்பித்த குடியிருப்போர் சங்கங்களிலிருந்து, மாநகராட்சிக்குக் கொடுக்கப்போகும் குடிநீர் மனுவை ஒரு தடவை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். எங்கள் சங்கத்தின் பழைய கோப்பில் இருக்கும் அதே வரிகள் அப்படியே இருக்கும். தேதி விட்டுப்போனது, முகவரி தப்பானது மாதிரியானவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் அலையவிடும் தவறுகள் வேறு.

"எங்கள் பகுதி முழுவதும் தண்ணீர் கலங்கலாக வருகிறது"

இந்த ஒரு வரியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். இதை வாங்கும் உதவிப் பொறியாளர் என்ன செய்வார்? ஒரு ஊழியரை அனுப்புவார். அவர் தெரு முனையில் வசதியாக இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் தெளிவாக வரும். "ஆய்வு செய்யப்பட்டது, குறை இல்லை" என்று எழுதி மனுவை முடித்துவிடுவார்கள். அவர் பொய் எழுதவில்லை. எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று நாம்தான் சொல்லவில்லை.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு விவகாரம். ஆறு தெருக்கள் கொண்ட குடியிருப்பு. இதே வரியோடு மனு மேல் மனு கொடுத்து, ஒவ்வொன்றும் முடித்துவைக்கப்பட்டது. கடைசியில் தண்ணீர் திறக்கும் நாளில் எல்லா வீட்டுக்கும் இரண்டு வெள்ளை பாட்டில்கள் கொடுத்தோம். ஒன்றில் குழாயில் வரும் முதல் தண்ணீர், இன்னொன்றில் பத்து நிமிடம் கழித்து வரும் தண்ணீர். பாட்டிலின் மேல் கதவு எண்ணும் நேரமும். எல்லாவற்றையும் கோயில் திண்ணையில் தெருவாரியாக அடுக்கியதும் விஷயம் தெளிந்துவிட்டது. ஐந்து தெருக்களில் ஒரு பாட்டில்கூடக் கலங்கவில்லை. மூன்றாவது தெருவில் மட்டும், பாதித் தெருவுக்கு அப்புறம் உள்ள வீடுகளில், முதல் பாட்டில் கறுத்து, மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம். இரண்டாவது பாட்டில் ஏறக்குறைய தெளிவு.

இந்த இரண்டு பாட்டில்களுக்குள் காரணமே இருக்கிறது. தண்ணீர் நிறுத்தியிருக்கும்போது குழாயில் அழுத்தம் இருக்காது. எங்காவது ஓட்டை இருந்து, அதைச் சுற்றிச் சாக்கடை நின்றால், அது மெல்ல உள்ளே இறங்கும். மறுபடி திறந்ததும் அந்த அழுக்கு, ஓட்டைக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு முதலில் போய்ச் சேரும். அப்புறம் தெளிந்துவிடும். ஆக, ஓட்டை இருப்பது கடைசித் தெளிந்த வீட்டுக்கும் முதல் கலங்கிய வீட்டுக்கும் நடுவில்தான். அந்த இடத்தில் ஒரு வீட்டு இணைப்பின் இரும்புக்குழாய் சாக்கடைக் கால்வாயின் குறுக்கே போயிருந்தது. தோண்டியபோது, கழிவுநீரில் முங்கிக் கிடந்த பகுதி துருப்பிடித்து அரித்திருந்தது. அந்தத் துண்டை மாற்றியதோடு கலங்கல் நின்றது.

அந்த மனுவின் முக்கிய பத்தி இவ்வளவுதான்:

"மூன்றாவது தெருவில் கதவு எண் 14 முதல் 27 வரை, தண்ணீர் திறந்த முதல் பத்து நிமிடங்கள் கறுப்பாகவும் துர்நாற்றத்துடனும் வருகிறது. எண் 12 வரை தெளிவாக வருகிறது. எண் 12க்கும் 14க்கும் இடையே சாக்கடையைக் கடக்கும் குழாயை, தண்ணீர் திறக்கும் நேரத்தில் எங்கள் முன்னிலையில் சோதிக்க வேண்டுகிறோம்."

எல்லாக் கலங்கலும் சாக்கடை அல்ல. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, குடத்தில் கொஞ்ச நேரம் நின்றதும் செம்மண் நிறமாக மாறினால், அது தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் வரும். பால் மாதிரி வெளுத்து வந்து, டம்ளரில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழி. அதற்கு மனு வேண்டாம். எல்லாத் தெருவிலும், திறந்த நேரம் முழுக்க ஒரே மாதிரி மங்கலாக வந்தால் மேல்நிலைத் தொட்டியையோ அதற்கும் முந்தைய சுத்திகரிப்பையோ பார்க்கச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் "கலங்கல்" என்ற ஒரே சொல்லில் போட்டால், யாரை அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியாது.

எந்தக் குழாய் என்று சொல்லாதது

2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பகுதிகள் உள்ளே வந்தன. இப்படிப் பின்னால் சேர்ந்த பகுதிகளில் ஒரே வாசலில் நல்ல தண்ணீர்க் குழாயும் உப்புத் தண்ணீர்க் குழாயும் இருக்கலாம். எது கலங்குகிறது என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

"தண்ணீர் முறையாக வருவதில்லை"

இதை நிறக்குறையோடு ஒரே பத்தியில் குழைக்காதீர்கள். பதில் சொல்பவர் சுலபமானதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார். இதற்குத் தனிப் பத்தி, தனிக் கணக்கு.

ஒரு நோட்டில் தேதி, திறந்த நேரம், நின்ற நேரம் மூன்றையும் ஒரு மாதம் எழுதுங்கள். கூடவே தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே அளவு வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். முதல் வீட்டில் வேகமாக நிறைந்து, கடைசி வீட்டில் நூலாக வடிந்தால் தெருக்குழாயில் அடைப்போ கசிவோ இருக்கலாம், இல்லையென்றால் நடுவில் யாரோ உறிஞ்சுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மெதுவாக வந்தால் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை, அல்லது தொட்டியில் மட்டம் குறைவு. கோடையில் வைகை அணையில் மட்டம் இறங்கி முறைநாள் தள்ளிப்போனால் ஊர் முழுக்கத் தள்ளிப்போகும். பக்கத்துத் தெருவுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வராத நாட்கள்தான் உங்கள் குறை. அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

மோட்டார்

குழாயில் நேராக மோட்டார் மாட்டியவர் சங்கத்தில் ஒருவர் இருந்தாலும், மனு கொடுக்குமுன் கழற்றச் சொல்லுங்கள். அது தண்ணீரோடு ஓட்டை வழியே சாக்கடையையும் இழுக்கும்.

மினரல் வாட்டர் பாட்டிலில் ஆய்வுக்கு எடுத்துப்போவது

நிறத்தைக் காட்ட அந்த பாட்டில் போதும், கிருமி சோதனைக்கு உதவாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிருமிநீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, குழாய் வாயைச் சூடுகாட்டி, கை படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 10500இன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ-கோலி கிருமி காணப்படவே கூடாது. இருக்கிறது என்று ஓர் அறிக்கை வந்துவிட்டால், ஐம்பது கையெழுத்து செய்யாததை அது செய்யும்.

ஒப்புகை

நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

"தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறோம்"

எது தக்கது என்று சொல்லுங்கள். இந்த இடத்தில் குழாயைச் சோதிப்பது, பழுதை நீக்கியபின் குழாயைக் கழுவிவிடுவது, கடைசி வீட்டில் குளோரின் அளவு பார்ப்பது. கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும்.

பதில் வரவில்லையா? அதே மனுவை மறுபடி நீட்டாதீர்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தாலும் அது சுற்றி அதே மேசைக்குத்தான் திரும்பும். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இன்ன தேதியிட்ட மனுவின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், எங்கள் தெரு வால்வைத் திறந்து மூடிய பதிவேட்டின் அந்த மாத நகல், தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி என்று, ஏட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள்.