பாத்ரூம் வேலை: மேஸ்திரிக்குக் கட்டம் கட்டமாகப் பணம் கொடுப்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்களுடையது பழைய மாடி வீடு. மேல் பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டுச் சமையலறைக் கூரைக்குத் தண்ணீர் கசிந்தது. முதல் முறை வேலை கொடுத்தபோது 1, 10, 20 ஆகிய தேதிகளில் பணம் என்று பேசினேன். 20ஆம் தேதி வந்தபோது லட்சத்தில் முக்கால் பங்கு கைமாறியிருந்தது. நடந்த வேலையோ டைல்ஸ் உடைத்ததும் பாதி பைப் போட்டதும்தான். அவர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்துவர என் கையில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை வேறொரு மேஸ்திரியிடம் 1,20,000 ரூபாய்க்குப் பேசினேன். டைல்ஸும் குழாய் சாமான்களும் நான் வாங்கித் தருவது, மற்றது எல்லாம் அவர் பொறுப்பு. அப்போது செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் கட்டங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் வேண்டும்: என்ன வேலை, எதைப் பார்த்தபின் பணம், எவ்வளவு. நாங்கள் எழுதியது இது:

1. அட்வான்ஸ்: 12,000
2. உடைத்து, குப்பை மூட்டைகளைச் சந்திலிருந்து அகற்றியபின்: 12,000
3. பைப் போட்டு, அழுத்தச் சோதனை முடிந்தபின்: 24,000
4. வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, தண்ணீர் கட்டிப் பார்த்தபின்: 30,000
5. டைல்ஸ் பதித்துச் சரிபார்த்தபின்: 24,000
6. குழாய்கள் பொருத்தியபின்: 12,000
7. ஒரு மாதம் புழங்கியபின்: 6,000

‘வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தபின்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முடிந்ததா இல்லையா என்பதில்தான் சண்டையே வரும். சோதனையின் பெயரையும் எழுதினால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. பெரிய தொகையை 4ஆம் கட்டத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. டைல்ஸ் மூடியபின் கசிவு தெரிந்தால் மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

பைப் சோதனை சுருக்கமானது. பைப்பை ஒட்டிய பசை காய ஒரு நாள் விட்டு, கை பம்பால் அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். பைப் கம்பெனி சொல்லும் அளவுக்கு ஏற்றியபின் ஒரு மணி நேரமாவது பம்பின் மீட்டர் முள் இறங்காமல் நிற்க வேண்டும். சுவரைப் பூசுவதற்கு முன் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

தண்ணீர் கட்டும் சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நாட்கள் வரை பூச்சு காயட்டும். தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பின் வாயைப் பாலித்தீன் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசலில் சிமென்ட்டால் சின்னத் தடுப்பு கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். சுவரில் அந்த மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதற்கும் குறி போடுங்கள். 48 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் காற்றில் உலர்ந்தது. தரையில் நின்றது மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு, அல்லது ட்ராப் அடைப்பு சரியில்லை. முதலில் அடைப்பைப் பாருங்கள்.

கீழே கூரையில் இருந்த ஈரக்கறையின் ஓரத்தையும் முன்கூட்டியே பென்சிலால் வரைந்து வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு மூலையில் கறை கோட்டைத் தாண்டி விரலளவு வெளியே வந்திருந்தது. மேஸ்திரியையே ஸ்டூலில் ஏற்றிக் காட்டினேன். தரையும் சுவரும் சேரும் மூலையில் மறுபூச்சு அடித்து, காயவிட்டு, மீண்டும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம். இந்த முறை கறை நகரவில்லை. அன்று மாலையே 4ஆம் கட்டப் பணத்தைக் கொடுத்து முடித்தேன்.

இடையில் ஒரு சனிக்கிழமை, “சார், ஆளுங்களுக்கு வாரக்கூலி கொடுக்கணும், ஏதாவது பாத்துக் குடுங்க” என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான், சோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில் அவர் கையில் காசு இருக்காது. 5,000 கொடுத்து, ‘4ஆம் கட்டத்தில் கழிக்க’ என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். (அதன்படி 30,000இல் மீதி 25,000தான் அன்று கைக்குப் போனது.) ஜிபேயில் அனுப்பினாலும் கட்ட எண்ணைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அப்புறம், அவர் ‘வந்து பாருங்க’ என்றால் மறுநாளுக்குள் போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் உடனே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நாம் இழுத்தடித்தால் அவரும் ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பத்தான் செய்வார்.

டைல்ஸை மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்தால் சத்தம் தனியாகக் கேட்கும், அதில் சாக்பீஸ் குறி போடுங்கள். ஒரு மக் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றினால் எங்கும் தேங்காமல் ட்ராப்புக்கு ஓட வேண்டும். எங்களுக்கு மூன்று டைல்ஸ் மாற்ற வேண்டியிருந்தது.

கடைசி 6,000த்தை ஒரு மாதம் கழித்துக் கொடுத்தேன். அன்றும் கீழ்வீட்டுக்குப் போய் அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தபிறகுதான் கொடுத்தேன். கறை உலர்ந்து, கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தது.