கார்டை டேப் பண்ணியும் பின் நம்பர் கேட்குதா? கடைக்காரரை முறைக்காதீங்க

போன தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் எங்கள் மாமாவுக்கு 5,340 ரூபாய் பில். கார்டை மிஷின் மேல் காட்டினார். திரையில் பின் கேட்டது. "காலையில பெட்ரோல் பங்க்ல 2,000 ரூபாய்க்குக் கேக்கலையே, இங்க மட்டும் எதுக்கு?" என்று முறைத்தார். "ஐயாயிரத்தைத் தாண்டினா கேக்கும் சார்" என்றான் கல்லாவில் இருந்த பையன். "அப்ப ரெண்டு பில்லாப் போடு தம்பி." விஷயம் என்னவென்றால், வருஷம் முழுக்க டேப் பண்ணியே பழகியதில் மாமாவுக்குப் பின் மறந்துவிட்டது.

பையன் சொன்னது சரி. பின் இல்லாத டேப்புக்கு ரிசர்வ் வங்கி 2015இல் வைத்த வரம்பு 2,000 ரூபாய். 2021 ஜனவரி 1 முதல் அது 5,000. அதற்கு மேலும் டேப் பண்ணலாம், ஆனால் பின் போட வேண்டும். காரணம் எளிது. டேப் பண்ணும்போது சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரகசியக் குறியீட்டை அனுப்புகிறது. கார்டு அசல்தான் என்று வங்கிக்கு அதை வைத்துத் தெரிந்துவிடும். அது யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்வது பின்தான்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 5,000 என்பது ஒரு நாளுக்கான வரம்பு அல்ல, ஒரு பில்லுக்கானது. கார்டு தொலைந்தால் ஐயாயிரத்தோடு போகும் என்று நினைக்காதீர்கள். எடுத்தவன் ஒரு கடையில் 4,800, அடுத்த கடையில் 4,500 என்று தட்டினால் இரண்டுமே பின் இல்லாமல் போய்விடலாம். வீடு முழுக்கத் தேடிவிட்டு மறுநாள் வங்கிக்குச் சொல்லலாம் என்று இருப்பது பெரிய தவறு. முதலில் ஆப்பில் கார்டை முடக்குங்கள், தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆப்பில் டேப் வசதியை அணைக்கலாம், அதற்கான வரம்பையும் குறைக்கலாம். நான் 1,000 வைத்திருக்கிறேன். மளிகைக்கும் மருந்துக்கும் அது போதும். குறைத்ததை மறந்துவிட்டு, 1,200 ரூபாய் பில்லுக்கு டேப் எடுக்கவில்லையே என்று மிஷினைத் திட்டக் கூடாது, அவ்வளவுதான். கார்டை மிஷினில் செருகினால் கணக்கே வேறு: ஐம்பது ரூபாய்க்கும் பின் கேட்கும்.

மாமா அன்று ஞாபகத்தில் இருந்த எண்களை இரண்டு முறை போட்டுப் பார்த்தார், இரண்டும் தப்பு. மூன்றாவதுக்குக் கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரும்பாலும் மூன்று தப்பானால் அன்றைக்குக் கார்டு முடங்கிவிடும். பில்லை நான் கட்டினேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஏடிஎம்மில் நிறுத்தி, அவர் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டுப் புதுப் பின் வைத்தோம்.